பதிவேட்டில் இருக்கும் பிள்ளை

(சங்கரன்கோவிலில் நடைபெற்ற பணி நிறைவுப் பாராட்டு விழாவில், ஓய்வுபெறும் தலைமையாசிரியரை அறிமுகப்படுத்தி அப்பள்ளியின் கணித ஆசிரியர் ஆற்றிய உரை)



நம் எச்.எம். அம்மாவை இந்த அவைக்கு அறிமுகம் செய்யும்படி என்னிடம் சொன்னார்கள். சங்கரன்கோவிலில் அம்மாவை அறியாதவர்கள் குறைவு. ஆகவே அவர் எங்கே படித்தார், எந்தெந்தப் பள்ளியில் வேலை பார்த்தார் என்பதையெல்லாம் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அறிவியல் பட்டதாரி ஆசிரியராகப் பணியைத் தொடங்கியவர். பதவி உயர்வில் தலைமையாசிரியர் ஆனவர். அவருடைய பணிப்பதிவேட்டின் முன்பக்கங்களில் திருநெல்வேலி மாவட்டம் என்று இருக்கும். 2019 நவம்பர் 22-க்குப் பிந்தைய பக்கங்களில் தென்காசி மாவட்டம் என்று இருக்கும். பழைய விதிப்படி என்றால் 58 வயதில் ஓய்வு பெற்றிருப்பார். அரசு 2020-இல் அதை 59 ஆக்கி, 2021-இல் 60 ஆக்கியதால் நமக்கு இரண்டு ஆண்டுகள் கூடுதலாகக் கிடைத்தார். அந்த இரண்டு ஆண்டுகளில் ஒரு பையனுக்கு என்ன நடந்தது என்று பின்னால் சொல்கிறேன்.

நான் உங்களுக்கு அறிமுகப்படுத்த விரும்புவது அம்மாவின் மேசையில் எப்போதும் இருக்கும் நீளமான ஒரு நோட்டை. அதைப் புரிந்துகொண்டால் அம்மாவைப் புரிந்துகொள்ளலாம்.

காலை முதல் பாடவேளையில் ஒவ்வொரு வகுப்பாசிரியரும் வருகைப் பதிவேட்டில் குறித்து, செயலியிலும் வருகையை ஏற்றுகிறோம். இது எல்லாப் பள்ளியிலும் நடப்பது. நம் பள்ளியில் இன்னொன்றும் நடக்கும். வராத பிள்ளைகளின் பெயரைத் துண்டுத்தாளில் எழுதி வகுப்புத் தலைவன் அலுவலக அறைக்குக் கொண்டுபோக வேண்டும். அம்மா அந்தத் துண்டுத்தாள்களைப் பார்த்துத் தன் நோட்டில் ஏற்றுவார். வகுப்பு வாரியாக ஏற்ற மாட்டார். தெரு வாரியாகவும் ஊர் வாரியாகவும்தான் ஏற்றுவார்.

ஏன் தெரு? நான் இங்கே சேர்ந்த புதிதில் இதைத்தான் கேட்டேன். வகுப்பு வாரியாகப் பார்த்தால், எட்டாம் வகுப்பில் இரண்டு பேர், ஒன்பதில் மூன்று பேர், ஆறில் ஒருவர் வரவில்லை என்று தெரியும். அதிலிருந்து எதுவும் புரியாது. அந்த ஆறு பேரும் ஒரே தெருவில் இருக்கிறார்கள் என்றால் அங்கே கோயில் கொடை நடக்கிறது. இரண்டு நாளில் வந்துவிடுவார்கள், கவலையில்லை. பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வரும் பிள்ளைகள் ஒரு வாரமாகக் காலையில் தாமதமாக வருகிறார்கள், சிலர் வருவதே இல்லை என்றால், அங்கே மல்லிகை பூக்கிறது. ஒரே ஒரு பிள்ளை, வாரத்தில் குறிப்பிட்ட நாள்களில் மட்டும் வரவில்லை என்றால் அந்த வீட்டில் ஏதோ நடக்கிறது. மூன்றுக்கும் மூன்று விதமாகத்தான் நடவடிக்கை எடுக்க வேண்டும்.

பூவைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மொட்டு விரிவதற்கு முன்னால், விடியற்காலையில் பறித்துச் சந்தைக்குக் கொண்டுவந்தால்தான் விலை. கோடையில் பூ கொட்டும். பறிக்க ஆள் போதாது. பள்ளி திறக்கும் ஜூன் மாதத்திலும் அது தொடரும். ஆடித் தபசு நெருங்கும்போதும், முகூர்த்த நாள்களிலும் விலை ஏறும். விலை ஏறினால் வீட்டில் இருக்கும் எல்லாக் கையும் செடிக்குப் போகும். 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், பள்ளி நேரத்துக்கு வெளியிலும் விடுமுறையிலும் குடும்பத் தொழிலில் பிள்ளைகள் உதவுவதை அனுமதிக்கிறது. அதனால் சொந்தத் தோட்டத்தில் விடியற்காலையில் பூப்பறிக்கும் பிள்ளையை அம்மா ஒருநாளும் கடிந்ததில்லை. பெற்றோரிடம் அவர் கேட்டது ஒன்றுதான்: மணி அடிக்கும்போது பிள்ளை வரிசையில் நிற்க வேண்டும். பூவைச் சந்தையில் போட்டுவிட்டு நேராகப் பள்ளிக்கு வரும் பிள்ளைகள், கை கழுவி, முகம் கழுவி, வாங்கி வந்த இட்லியைத் தின்பதற்கு ஒரு மூலையும் ஒதுக்கிக் கொடுத்தார். கூலிக்கு மற்றவர் தோட்டத்துக்குப் போகும் பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருந்தார்.

பெண் பிள்ளைகள் சிலர் மாதந்தோறும் மூன்று நான்கு நாள் வராமல் இருப்பதும் அந்த நோட்டில்தான் தெரிந்தது. காரணம் கேட்டால் காய்ச்சல் என்பார்கள், வயிற்றுவலி என்பார்கள். அம்மா கழிப்பறைக்குப் போய்ப் பார்த்தார். ஒரு கதவில் தாழ்ப்பாள் இல்லை. மதியத்துக்குமேல் குழாயில் தண்ணீர் வரவில்லை. அரசு தரும் நாப்கின் அலமாரியில் இருந்தது. அதைக் கேட்டு வாங்கப் பிள்ளைகளுக்குக் கூச்சம். தாழ்ப்பாள் போட்டார்கள், தொட்டியில் தண்ணீர் ஏற்றும் நேரத்தை மாற்றினார்கள், நாப்கினைக் கேட்காமலே எடுத்துக்கொள்ளும்படி பெண் ஆசிரியர்கள் வகுப்பிலேயே வைத்தார்கள். அடுத்தடுத்த மாதங்களில் அந்த மூன்று நாள் இடைவெளி பலருக்கு இல்லாமல் போனது. இதற்காக ஒரு கூட்டமும் நடக்கவில்லை, ஒரு சொற்பொழிவும் நடக்கவில்லை.

பெற்றோர்களே, அடுத்து நான் சொல்லப்போவது கொஞ்சம் கணக்கு. நான் கணக்கு ஆசிரியர், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மே மாதம் தேர்வு முடிவு வரும்போது எந்தப் பள்ளி எத்தனை சதவீதம் என்று எல்லோரும் கேட்கிறீர்கள். அந்தச் சதவீதம் எப்படி வருகிறது? தேர்வு எழுதியவர்களில் எத்தனை பேர் தேறினார்கள் என்பதுதான் அது. ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் 100 பிள்ளைகள் இருந்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். படிப்பில் பின்தங்கிய பத்துப் பேரின் பெற்றோரைக் கூப்பிட்டு, உங்கள் பிள்ளை பத்தாம் வகுப்பில் தேறமாட்டான், டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டால், தேர்வு எழுதுவது 90 பேர். அதில் 86 பேர் தேறினால், 95 சதவீதத்துக்குமேல். பத்திரிகையில் பெயர் வரும். அந்தப் பத்துப் பேரையும் வைத்துக்கொண்டு, எல்லோரையும் எழுத வைத்து, அவர்களில் நான்கு பேரைத் தேற்றியும் விட்ட பள்ளிக்கு 90 சதவீதம்தான் வரும். இரண்டாவது பள்ளியில் நான்கு பிள்ளைகள் கூடுதலாகத் தேறியிருக்கிறார்கள். ஆனாலும் பட்டியலில் அது கீழே நிற்கும். விளக்கம் கேட்டுக் கடிதம்கூட வரும்.

ஒன்பதாம் வகுப்பு ஏன் இவ்வளவு ஆபத்தான இடம் என்றும் சொல்லிவிடுகிறேன். 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரைதான் பிள்ளையைப் பிடித்து வைக்கிறது. நம் மாநிலத்தில் எட்டாம் வகுப்புவரை யாரையும் அதே வகுப்பில் நிறுத்துவதில்லை. ஒன்பதில் அந்த இரண்டு பிடிமானமும் ஒரே நேரத்தில் விடுபடுகின்றன. பிள்ளைக்கு வயது 14 ஆகிறது. வேலைக்குப் போகும் அளவுக்குக் கை கால் வளர்ந்துவிட்டது. எட்டாண்டாகச் சேர்ந்த படிப்புக் குறைகள் எல்லாம் அப்போதுதான் வெளியே தெரிகின்றன. அந்த வகுப்பில் ஒருமுறை தோற்றுப்போன பிள்ளை, தன்னைவிடச் சின்னவர்களோடு உட்காரக் கூச்சப்பட்டு, அப்படியே நின்றுவிடும்.

நம் அம்மா இந்தப் பள்ளியில் இருந்தவரை, தேறமாட்டான் என்ற காரணத்துக்காக ஒரு பிள்ளைக்கும் டி.சி. எழுதியதில்லை. அதனால் நம் சதவீதம் சில ஆண்டுகள் குறைந்தது. அதற்காக நடந்த ஆய்வுக் கூட்டங்களுக்குத் தனியாகப் போய்ப் பதில் சொல்லிவிட்டு வந்தார். திரும்பி வந்து எங்களில் ஒருவரையும் குறை சொல்லவில்லை. அவருடைய அறையில் இருக்கும் பலகையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதில் தேர்ச்சி சதவீதம் எழுதப்பட்டதே இல்லை. ஒவ்வொரு ஆண்டும் ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர் எத்தனை, அவர்களில் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியவர் எத்தனை, இடையில் போனவர்கள் இப்போது எங்கே என்ற மூன்று கட்டங்கள்தான் இருக்கும். ஒரு பள்ளியைப் பற்றித் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல கணக்கு இல்லை என்பது என் உறுதியான எண்ணம். பிள்ளையைச் சேர்க்க எந்தப் பள்ளிக்குப் போனாலும் இந்த மூன்றையும் கேளுங்கள்.

இதற்கு நேர் எதிரான தவறும் ஒன்று உண்டு. பிள்ளை எப்போதோ நின்றுவிட்டது. பெயர் மட்டும் பதிவேட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஏன் எடுப்பதில்லை? ஆகஸ்ட் 1 நிலவரப்படி எத்தனை மாணவர்கள் என்று பார்த்துத்தான் ஆசிரியர் பணியிடம் நிர்ணயிக்கப்படுகிறது. எண்ணிக்கை குறைந்தால் ஓர் ஆசிரியர் உபரி ஆவார். அந்தப் பயம் எல்லாப் பள்ளியிலும் இருக்கிறது. அதன் விளைவை 2023 மார்ச்சில் தமிழ்நாடே பார்த்தது. பிளஸ் டூ மொழிப்பாடத் தேர்வு அன்று ஏறத்தாழ 50,000 பேர் வரவில்லை. ஒரே நாளில் இத்தனை பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று எல்லோரும் அதிர்ந்தார்கள். அவர்கள் அந்த ஒரு நாளில் காணாமல் போனவர்கள் இல்லை. கொரோனாக் காலத்தில் தேர்வில்லாமல் மேலே வந்து, வேலைக்குப் போய், பள்ளிப்பக்கமே வராமல் இருந்தவர்கள் அவர்களில் நிறையப் பேர். வகுப்பறையில் இல்லாத அவர்கள் பெயர்ப்பட்டியலில் இருந்தார்கள். அதனால் தேர்வு நாள்வரை யாரும் அவர்களைத் தேடவில்லை.

பெயரை எடுத்துவிட்டாலும் பிள்ளை தொலைகிறது. பெயரை மட்டும் வைத்துக்கொண்டாலும் பிள்ளை தொலைகிறது. அம்மா இந்த இரண்டையும் செய்யவில்லை. அவருடைய பதிவேட்டில் எத்தனை பெயரோ அத்தனை பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள். இல்லாத பிள்ளை ஏன் இல்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கும். அந்த நேர்மைக்கு விலையும் இருந்தது. ஓர் ஆண்டு நம் பள்ளியில் ஒரு பணியிடம் குறையும் நிலை வந்தபோது, நீண்ட நாள் வராத சில பெயர்களை ஆகஸ்ட்வரை விட்டுவைக்கலாமே என்று ஆசிரியர்கள் அறையில் பேசினோம். அம்மா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அந்தப் பெயருக்குரிய பிள்ளைகளைக் கூட்டிட்டு வாங்க, தாராளமா எழுதுவோம்" என்றார். கோடை விடுமுறையில் நாங்கள் தெருத் தெருவாகப் போனோம். எல்லோரும் வந்துவிடவில்லை. வந்த சிலரால் பணியிடமும் தப்பியது.

இப்போது அந்தப் பையனைப் பற்றிச் சொல்கிறேன். அவன் இந்த அவையில் இருக்கிறான். பெயர் சொல்ல வேண்டாம் என்று அம்மா சொல்லியிருக்கிறார். பேசுவதற்கு அவனிடமும் அவன் வீட்டிலும் அனுமதி வாங்கியிருக்கிறேன்.

ஒன்பதாம் வகுப்பில் முதலில் தூங்கத் தொடங்கினான். முதல் பாடவேளையிலேயே தலை சாயும். பிறகு வாரத்தில் ஒருநாள் வரவில்லை, அப்புறம் இரண்டு நாள். நோட்டில் அந்தத் தெருவில் அவன் ஒருவன் பெயர்தான் திரும்பத் திரும்ப வந்தது. மூன்றாம் நாளே அம்மா என்னையும் அழைத்துக்கொண்டு சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போனார். அம்மாவின் வழக்கம் இது. மூன்று நாளுக்குமேல் காத்திருக்க மாட்டார். பத்து நாள் வேலைக்குப் போய்ச் சம்பளம் கையில் வாங்கிவிட்ட பிள்ளையைத் திருப்புவது, மூன்றாம் நாள் திருப்புவதைப் போல எளிதல்ல.

அப்பா விசைத்தறியில் வேலை பார்த்தவர். உடம்பு முடியாமல் படுத்துவிட்டார். தறிக்காரரிடம் முன்பணம் வாங்கியிருந்தார்கள். அந்தக் கணக்கைக் கழிக்க இந்தப் பையன் ராத்திரி தறிக்குப் போய்க்கொண்டிருந்தான். அவன் அம்மா அழுதுகொண்டே, "என்ன டீச்சர் செய்ய? இவன் போகலைன்னா அட்வான்சைத் திருப்பிக் கேப்பாங்க" என்றார்.

நான் என்றால் சட்டம் பேசியிருப்பேன். அம்மா பேசவில்லை. தரையில் உட்கார்ந்து, முன்பணம் எவ்வளவு, வாரம் எவ்வளவு கழிகிறது, அப்பாவுக்கு மருத்துவர் என்ன சொன்னார், காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். அட்டை இருந்தது, அதை வைத்து என்ன செய்யலாம் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அடுத்த வாரம் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் பாளையங்கோட்டை அரசு மருத்துவமனையில் அவருக்குச் சிகிச்சை தொடங்கியது. தறிக்காரரிடம் அம்மா நேரில் போய்ப் பேசினார். பையனுக்கு வயது இன்னும் 14 ஆகவில்லை, அவனைத் தறியில் நிறுத்துவது குற்றம் என்பதை அங்கேதான் சொன்னார். பணத்தை அப்பா எழுந்தபிறகு கழித்துக்கொள்ளத் தறிக்காரர் ஒத்துக்கொண்டார். அரசு மாணவர் விடுதியில் இடம் வாங்கிப் பையனைச் சேர்த்தோம். வீட்டில் இருந்தால் மறுபடி தறிக்குப் போய்விடுவான் என்பது அம்மாவின் கணிப்பு. ராத்திரிச் சாப்பாடும் உறக்கமும் அவனுக்கு விடுதியில் கிடைத்தன.

அவன் இழந்த பாடங்களைச் சாயங்காலங்களில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தோம். கணக்கில் அவனுக்குப் பின்னமே சரியாகத் தெரியவில்லை. ஐந்தாம் வகுப்பிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. நடுவில் இரண்டு முறை விடுதியிலிருந்து ஓடிப்போனான். இரண்டு முறையும் கூட்டி வந்தோம். இந்த ஏப்ரலில் பத்தாம் வகுப்பு எழுதி முடித்திருக்கிறான். தேறுவானா என்று எனக்குத் தெரியாது. அம்மா ஓய்வுபெறும் மாதத்தில் முடிவு வரும்.

எல்லாப் பிள்ளையும் இப்படித் திரும்பவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். டி.சி. வாங்கிய பிள்ளையின் பெயர் எமிஸ் இணையதளத்தில் பொதுத் தொகுப்புக்குப் போகும். இன்னொரு பள்ளி அந்தப் பிள்ளையைச் சேர்க்கும்போது அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். யாருமே எடுக்காமல் பெயர் அங்கேயே கிடந்தால், அந்தப் பிள்ளை எந்தப் பள்ளியிலும் இல்லை என்று பொருள். டி.சி. கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று பெரும்பாலோர் விட்டுவிடுவோம். அம்மா மாதம் ஒருமுறை அந்தத் தொகுப்பைத் திறந்து பார்ப்பார். பிழைப்புக்காகக் குடும்பத்தோடு திருப்பூர் போன ஒரு மாணவியின் பெயர் மாதக்கணக்கில் அதிலேயே இருந்தது. பெற்றோர் கொடுத்த அலைபேசி எண் வேலை செய்யவில்லை. அந்தப் பகுதிப் பள்ளிகளின் தலைமையாசிரியர்களை ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டார். கிடைக்கவில்லை. இன்றுவரை அந்தப் பெயர் அங்கேதான் இருக்கிறது. ஓய்வு பெறுவதற்காகப் பொறுப்பை ஒப்படைக்கும்போது, சாவிகள், பணப் பதிவேடு, இருப்புப் பதிவேடு எல்லாவற்றுக்கும் கையெழுத்து வாங்கிய அம்மா, இப்படித் தொகுப்பில் கிடக்கும் பெயர்களின் பட்டியலையும் ஒரு பொருளாகச் சேர்த்து எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கிறார். பொறுப்பு ஒப்படைப்புப் படிவத்தில் அதற்கென்று கட்டம் கிடையாது. அடியில் தன் கையால் எழுதியிருக்கிறார்.

1956-இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டம் பள்ளிகளுக்கு வந்தபோது, பசித்த பிள்ளை சோற்றுக்காகவாவது பள்ளிக்கு வரும் என்று எண்ணினார்கள். பிள்ளைகள் வந்தார்கள். வந்த பிள்ளையைப் பத்தாம் வகுப்பு முடியும்வரை வைத்துக்கொள்ளும் வேலை அதன்பிறகு தலைமையாசிரியர்களிடம் வந்து சேர்ந்தது. நம் அம்மா அந்த வேலையைச் செய்தவர். நான் உடன் பணியாற்றியவர்களில் இவரைப்போல அதைச் செய்த இன்னொருவரை நான் பார்த்ததில்லை.

பெற்றோர்களே, தெருக்காரர்களே, ஒரு வேண்டுகோள். நம் பள்ளியிலிருந்து போய், எந்தப் பள்ளியிலும் சேராத பிள்ளைகளின் பட்டியல் நாளைக் காலையிலிருந்து அலுவலக அறையில் இருக்கும். பெயர்களை வெளியில் ஒட்ட மாட்டோம். உங்கள் தெருவில், உங்கள் சொந்தத்தில், தறியிலோ தோட்டத்திலோ பதினான்கு பதினைந்து வயதில் ஒரு பிள்ளை நிற்பதைப் பார்த்தால் வந்து சொல்லுங்கள். ஜூனில் பள்ளி திறப்பதற்குள் சொன்னால், அதே வகுப்பில் சேர்த்துக்கொள்ளலாம்.

இப்போது நம் தலைமையாசிரியர் அம்மாவைப் பேச அழைக்கிறேன்.